கீழ்வரிசையில் ஒரு குட்டைப் பல்

எனக்குப் பொறுமை கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் மனைவி ஷமீமா முப்பது வருடமாகச் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். டன்லப் ஸ்திரீட்டில் எனக்கு ஒரு சின்ன அச்சுக்கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, சாப்பாட்டுக்கடை மெனு, பெயர் அட்டை, தீமிதி நோட்டீஸ், மீலாது விழா நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். எப்போது வேண்டும் என்று கேட்டால் நேற்றே வேண்டும் என்பார்கள். இருபத்தெட்டு வருடம் இவர்களோடு காலம் தள்ளியவனிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

கடையில் எனக்கு உதவியாக இருப்பவள் உம்மு சல்மா. கணினி வேலை முழுக்க அவள் கையில்தான். புக்கிட் மேராவிலிருந்து பஸ் பிடித்து ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். நாற்பத்தாறு வயது. என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், நான் சொல்வதில் பாதியைக் கேட்கமாட்டாள். அந்தக் கேட்காத பாதியைப் பற்றித்தான் இந்தக் கதை.

தொழிலுக்கு வெளியே எனக்கு இருக்கும் ஒரே கிறுக்கு தபால்தலை. என்னைப் போன்ற கிறுக்கர்கள் அறுபத்து மூன்று பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். நான்தான் செயலாளர். சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு ஒரு புத்தகம் போடுவது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு தபால்தலை, பக்கத்தில் அது ஏன் பிடிக்கும் என்று பத்து வரி. விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, மனசுக்கு நெருக்கமானதாக இருந்தால் போதும் என்று நானே சுற்றறிக்கை அனுப்பினேன்.

அறுபத்து மூன்றும் கண்ணாடித்தாள் உறைகளில் வந்து சேர்ந்தன. கடையின் பின்கட்டில் கேமராவைக் குனிந்து பார்க்கும்படி தாங்கியில் மாட்டி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, கீழே கறுப்புத் துணியை விரித்தேன். முதலில் போட்டது சட்டைத் துணி. அது படத்தில் சாம்பல் நிறமாகி, நெய்த இழை வரைக்கும் காட்டிக் கொடுத்தது. பிறகு அராப் ஸ்திரீட்டுக்குப் போய்க் கறுப்பு வெல்வெட் வாங்கி வந்தேன். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதன்மேல் வைத்தால் தபால்தலையின் வெள்ளை ஓரமும், அதைச் சுற்றியிருக்கும் துளைப் பற்களும் பளிச்சென்று தெரியும். தபால்தலை சேர்ப்பவர்களுக்கு அந்தப் பற்கள் முக்கியம். ஒரு பல் கிழிந்திருந்தாலும் முகத்தைச் சுளிப்பார்கள்.

படங்கள் கலந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு தபால்தலைக்கும் பக்கத்தில் வெல்வெட்டின் மேலேயே ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன். அதில் எண்ணும் உரிமையாளர் பெயரும் என் கையெழுத்தில் இருக்கும். இவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்தவன், படம் எடுத்ததும் தபால்தலையை எந்த உறையில் திரும்பப் போடுகிறோம் என்பதிலும் அதே ஜாக்கிரதையைக் காட்டியிருக்கலாம்.

நாற்பத்தொன்றாம் எண் இருதயராஜ் அண்ணனுடையது. எழுபத்தைந்து வயது, ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பத்திரண்டு ராஜீவ் என்ற இன்ஜினியருடையது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் கொடுத்தது ஒரே தபால்தலை. அறுபதுகளில் வந்தது, மீன் படம் போட்டது, முத்திரை விழாத புதுசு. ராஜீவுக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம், அதனால் அவர் கொடுத்தார். அண்ணன் எழுதிய பத்து வரி வேறு மாதிரி. பட்டறையில் வேலை கேட்டு விண்ணப்பம் அனுப்ப அந்தத் தபால்தலையை வாங்கினாராம். கடிதத்தை மடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, நாளைக்கே வந்து நிற்கச் சொல்கிறார்கள் என்றாராம். ஒட்ட வேண்டிய அவசியமே வராத அந்தத் தபால்தலையை ஜெபப்புத்தகத்துக்குள் வைத்து, இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறார்.

நாற்பத்தொன்றை எடுத்து முடித்து, நாற்பத்திரண்டையும் எடுத்த நேரத்தில், முன்பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் தப்பாம். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். திரும்பி வந்து மேசையில் கிடந்ததையெல்லாம் உறைகளில் போட்டு மூடினேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

படங்கள் சல்மாவிடம் போயின. புத்தகத்தின் தாள் வெளிர்மஞ்சள். அதில் கறுப்புக் கட்டங்களாகப் படங்களைப் போட்டால் அறுபத்து மூன்று மரண அறிவித்தல் மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு தபால்தலையையும் கறுப்பிலிருந்து வெட்டியெடுத்து, தாளின் மேல் வைத்தது போலக் காட்ட வேண்டும். ஒரு நாள் வேலை என்று நான் கணக்குப் போட்டேன். சல்மா ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள்.

“ஒரு கிளிக்ல பின்னணி போற சாஃப்ட்வேர் இருக்கே, அதைப் போட்டா என்ன?” என்றேன்.

“போட்டுப் பார்த்தேன் நானா. இங்க பாருங்க.” திரையில் காட்டினாள். பழைய மலாயா தபால்தலை ஒன்றின் ஓரத்தில் கறுப்பு முத்திரை விழுந்திருந்தது. முத்திரையும் கறுப்பு, துணியும் கறுப்பு. சாஃப்ட்வேர் மூலையில் நாலு பல்லைத் துணி என்று நினைத்து விழுங்கிவிட்டிருந்தது. முத்திரை இல்லாதவற்றிலோ பற்களையெல்லாம் வழுவழுவென்று ஆக்கி, கடல் அலை படம் வரைந்த மாதிரி வைத்திருந்தது.

“சரி, ஓரத்துல கறுப்புக் கோடு தெரியாம இருக்க ஒரு பிக்ஸல் உள்ள தள்ளி வெட்டிடு.”

“உள்ள தள்ளினா மெல்லிசான பல்லோட நுனி போயிடும். அது வேணாம். கோடு எங்க இருக்கோ அங்க மட்டும் நிறத்தை மாத்திடறேன்.”

அதாவது ஒவ்வொரு தபால்தலையையும் நானூறு சதவீதம் பெரிதாக்கி, பல் பல்லாகச் சுற்றி வருவாள். வெல்வெட்டின் தூசி ஒட்டியிருந்தால் அதைத் தனியாக எடுப்பாள். ஏழாம் நாள் எனக்குத் தலை வெடித்துவிட்டது. எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சொன்னேன். தபால்தலை சேர்க்கிறவன் எவனும் சொல்லக்கூடாது.

“மீதியெல்லாம் ரெண்டு மூணு சைஸ்தானே. நல்ல பல்லா ஒரு ஓரம் வரைஞ்சு வெச்சுக்க. அதையே எல்லாத்துக்கும் அச்சு மாதிரி வெச்சு வெட்டிடு. யார் போய் பல்லை எண்ணப்போறா?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருபது வருடமாக அவளைத் தெரிந்தவனுக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.

புத்தகம் வந்தது. சமூக மன்றத்தில் வெளியீடு, பிரியாணி, போட்டோ, எல்லாம் நன்றாகவே நடந்தது. அன்றைக்கே தபால்தலைகளை உறையோடு அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் கணினியில் இடம் இல்லை என்று கேமராப் படங்களையெல்லாம் அழித்தேன்.

மூன்றாம் நாள் இருதயராஜ் அண்ணன் மகளோடு கடைக்கு வந்தார். மகள் ஜெசிந்தா செங்காங்கில் குடியிருக்கிறாள், கிளினிக்கில் வேலை. அண்ணன் ஒரு கையில் புத்தகம், மறு கையில் உறை வைத்திருந்தார். சல்மா அன்றைக்கு விடுப்பு.

“ரவூப் தம்பி, இது என் ஸ்டாம்ப் இல்ல” என்றார் மெதுவாக.

“என்னண்ணே சொல்றீங்க? நானே என் கையால போட்டேனே.”

“என்னோடதுல கீழ்வரிசையில நாலாவது பல்லு குட்டை. கவுண்டர்ல வாங்கி நான்தான் பிச்சேன். புத்தகத்துல பாருங்க, குட்டையா இருக்கா? இதுல பாருங்க, முழுசா இருக்கு.”

புத்தகத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தேன். குட்டையாகத்தான் இருந்தது. ஆனால் என் புத்திக்குள் அந்த அச்சு உட்கார்ந்திருந்தது. எல்லா ஓரமும் சல்மா வரைந்த ஒரே ஓரம்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்தைப் புரட்டி ராஜீவின் தபால்தலையைப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஐந்து விநாடி வேலை அது. நான் புரட்டவில்லை.

“அண்ணே, புத்தகத்துல இருக்கிற ஓரம் நிஜமான ஓரம் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு அச்சு செஞ்சு எல்லாத்துக்கும் அதையே வெச்சிருக்கோம். அந்தக் குட்டைப் பல்லு கைதவறி வந்திருக்கும். உங்க ஸ்டாம்ப்பில அப்படி எதுவும் இருந்திருக்காது.”

அண்ணன் என்னையே பார்த்தார். “தினம் காலையில ஜெபம் பண்ணும்போது பார்ப்பேன் தம்பி.”

“புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு அப்படித் தோணுது அண்ணே.”

ஜெசிந்தா அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னை வாசல் பக்கம் கூப்பிட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. “அங்கிள், ரெண்டு தடவை கேஸை ஆஃப் பண்ண மறந்துட்டாரு. போன வாரம் என் பையனை என் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. நெக்ஸ்ட் மந்த் மெமரி கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் இருக்கு. இதுல மட்டும் அவரு ரொம்ப ஷ்யூரா இருந்தாரு. அதான் உங்ககிட்ட கேட்டா தெரிஞ்சிடும்னு கூட்டிட்டு வந்தேன்.”

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. “வயசானா இப்படித்தான்மா. மெதுவா எடுத்துச் சொல்லு” என்றேன். பெரிய மனிதன் மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

அண்ணன் எழுந்து வந்து, “சரி தம்பி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் குழப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

இரண்டு வாரம் போனது. சங்கத்து நாள்காட்டி ஒன்று அடிக்கலாம் என்று பேச்சு வந்தது. சல்மாவிடம் போனேன்.

“அந்த அச்சை எடு. நாள்காட்டிக்கும் அதையே வெச்சு வெட்டிடலாம்.”

“எந்த அச்சு?”

“ஸ்டாம்ப் ஓரத்துக்கு ஒண்ணு செய்யச் சொன்னேனே, அது.”

“சொன்னீங்க. நான் செய்யல.”

“செய்யலையா? அப்ப மீதியை எப்படி வெட்டின?”

“எல்லாத்தையும் வெட்டின மாதிரிதான். ஒவ்வொண்ணுக்கும் பல்லு வேற வேற நானா. ஒருத்தர் பல்லைப் பிடுங்கி இன்னொருத்தர் வாயில வைக்கச் சொல்றீங்க. எனக்கு அது தெரியாது.”

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். முதலாளி சொன்னதைச் செய்யவில்லையே என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. நாற்பத்தொன்றாம் பக்கம் கண் முன்னால் வந்தது.

“அப்ப புத்தகத்துல இருதயராஜ் அண்ணன் ஸ்டாம்ப்ல இருக்கிற குட்டைப் பல்லு?”

“அது அவரோட ஸ்டாம்ப்ல இருந்தது. இருந்ததைத்தான் வெட்டினேன்.”

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். கடையில் நடந்ததை அவளிடம் சொன்னேன். ஜெசிந்தாவிடம் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சல்மா கேட்டு முடித்துவிட்டு, “யா அல்லாஹ், என்ன நானா இப்படிப் பண்ணிட்டீங்க” என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராஜீவுக்குப் போன் போட்டேன். அவருடைய அலுவலகம் பூகிஸ் பக்கம்தான். மதிய இடைவேளையில், உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். எடுத்து மேசையில் வைத்தோம். கீழ்வரிசையில் நாலாவது பல் குட்டை.

“அட, நான் பார்க்கவே இல்லையே” என்று சிரித்தார் ராஜீவ். பிறகு இன்ஜினியர் புத்தி விழித்துக்கொண்டது. “ஆனா ரவூப் பாய், ஒரு சந்தேகம் லா. ஆரம்பத்துல இருந்தே என்னோடதுதான் குட்டையா இருந்திருக்கலாம். படத்தோட பேரை மாத்திப் போட்டிருக்கலாம் இல்லையா? புத்தகத்துல பேர் மாறி அச்சாகியிருந்தா?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய கேமராப் படங்களை நான்தான் அழித்துத் தொலைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

“அழிச்சா என்ன?” என்றாள் சல்மா. “நான் எதையும் வெட்டி எறியலையே.”

திரையில் நாற்பத்தொன்றாம் கோப்பைத் திறந்தாள். வெள்ளை ஓரத்தோடு தபால்தலை தனியாக நின்றது. பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினாள். “இதுக்குப் பேரு மாஸ்க். படத்து மேல போட்ட திரை மாதிரி. கறுப்பு அடியிலயே இருக்கு. இது அதை மறைக்குது, அவ்வளவுதான். தப்பா வெட்டிட்டா திரும்பப் போய்ச் சரி பண்ணலாம்னு நான் எப்பவும் இப்படித்தான் செய்வேன்.”

அந்தக் கட்டத்தை ஒருமுறை தட்டினாள். கறுப்பு வெல்வெட் திரும்பி வந்தது. தூசியோடு, விளக்கின் லேசான மினுமினுப்போடு, நான் விரித்த அதே துணி. தபால்தலைக்கு வலப்பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. ‘41 – இருதயராஜ்’ என்று என் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் குட்டைப் பல். நாற்பத்திரண்டைத் திறந்து தட்டினாள். ‘42 – ராஜீவ்’. பற்கள் அத்தனையும் முழுசு.

ராஜீவ் உறையை என் கையில் வைத்து அழுத்தினார். “இப்பவே கொண்டு போங்க பாய். என்னோடதை மெதுவா வாங்கிக்கறேன்.”

கடையைப் பூட்டினேன். வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டியது அதுதான் முதல் முறை. சல்மா லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டாள். எம்ஆர்டி ரயிலில், அண்ணன் வீடு இருக்கும் லேக்சைடு போகும்வரை நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வாக்கியமும் உருப்படியாக வரவில்லை.

“சல்மா” என்றேன் நடுவில். “நான் சொன்னதை நீ கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“எனக்குத் தெரியாது நானா. நான் என்ன இதையெல்லாம் நினைச்சா செஞ்சேன்?”

“எனக்குத் தெரியும். அந்த மனுஷன் சாகிற வரைக்கும் தன் புத்தியைச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்திருப்பார். நன்றிம்மா.”

இருபது வருடத்தில் அவளிடம் நான் நன்றி சொன்ன முதல் தடவை அது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சரி சரி” என்றாள்.

கதவைத் திறந்தது ஜெசிந்தா. இரண்டு வாரமாக விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு இருக்கிறாளாம். “அன்னைக்கு உங்க கடையில இருந்து வந்ததுல இருந்து ஆளே மாறிட்டாரு அங்கிள்” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். “கீழ காப்பிக்கடைக்குக்கூடப் போறதில்ல. வழி தெரியாமப் போயிடும்ங்கிறாரு. ‘நான் சாப்பிட்டேனா?’ன்னு என்னைக் கேட்கிறாரு. சாப்பிட்டது அவருக்கே தெரியும். ஆனா என்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கிறாரு.”

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்யவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது. நான் அவர் கால் பக்கமாகத் தரையில் உட்கார்ந்து உறையை நீட்டினேன்.

“அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் மாத்திப் போட்டுட்டேன். உங்க ஸ்டாம்ப் ராஜீவ்கிட்ட இருந்தது. புத்தகத்துல இருந்த ஓரம் நிஜமான ஓரம்தான். அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் உறையை வாங்கினார். பிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், சல்மாவைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

“ஜெசி, நீ சொல்லிக் கூட்டிட்டு வந்தியா?”

“இல்லப்பா. அவங்களாத்தான் வந்தாங்க.”

“தம்பி, எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம். வயசான ஆள், மனசு கஷ்டப்படுமேன்னு ஒரு பல்லைக் கிள்ளிக் கொண்டாந்திருந்தா… அதுவும் நல்ல மனசுதான். ஆனா எனக்கு அது வேணாம்.”

சமாதானத்துக்குச் செய்த பொய் என்று நினைக்கிறார். குற்றம் அவருடையது இல்லை. நானேதான் அந்த மனிதரைத் தன் கண்ணையே நம்பாதபடி செய்திருந்தேன். இனி நான் என்ன சொன்னாலும் அது எடுபடாது.

சல்மா லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பவில்லை, தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, உறையைப் பிரிக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க. உங்க ஸ்டாம்ப்ல குட்டைப் பல்லு இருக்குன்னு எங்க எல்லாருக்கும் இப்ப தெரியும். புத்தகத்துலயும் இருக்கு. ஆனா புத்தகத்துல தெரியாத ஒண்ணும் அந்தப் பல்லுல இருக்கு. ரொம்பப் பெரிசாக்கினாத்தான் தெரியும். நான் பார்த்திருக்கேன். நானாவுக்குக்கூடத் தெரியாது. அது என்னன்னு நீங்க சொல்ல முடியுமா?”

அண்ணன் கண்ணை மூடினார். ஜெசிந்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். இப்படி ஒரு பரீட்சையை வைக்க சல்மாவுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்றும் தெரியவில்லை.

“பல்லோட வலது பக்கத்துல” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. “நார் மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். பூதக்கண்ணாடியில பார்த்தாத்தான் தெரியும். பிய்க்கும்போது காகிதம் கிழிஞ்சதுல வந்தது. நேரா இருக்காது. மேல் பக்கமா வளைஞ்சிருக்கும்.”

சல்மா மாஸ்க்கைத் தட்டி, பெரிதாக்கி, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கறுப்பு வெல்வெட்டின் மேல் குட்டைப் பல் விரல் அளவுக்கு நின்றது. அதன் வலது ஓரத்தில், மயிரிழையை விட மெல்லிய வெள்ளை நார் ஒன்று, மேல் பக்கமாக வளைந்து. மாஸ்க்கைத் திரும்பப் போட்டாள். கறுப்பு போனது. நார் அப்படியே இருந்தது. அதையும் சுற்றி வெட்டியிருந்தாள்.

“தூசின்னு நினைச்சு எடுத்துடலாம்னுதான் போனேன் அண்ணே” என்றாள். “பார்த்தா காகிதம். அது உங்க ஸ்டாம்ப்போடது. அதான் விட்டுட்டேன்.”

அண்ணன் திரைக்கு மிக அருகில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு உறையைப் பிரித்து, உள்ளங்கையில் தபால்தலையை விழவைத்து, அதையும் பார்த்தார். அழுதார். எழுபத்தைந்து வயது மனிதர் வாய்விட்டு அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெசிந்தா ஓடிவந்து அவர் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். “ஸாரிப்பா, ஸாரிப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சல்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். “ரொம்ப நன்றிம்மா. பொடி நார்தானேன்னு நீ எடுத்துப் போட்டிருக்கலாம். கடவுள் உன்னை நல்லா வெச்சிருக்கணும்.”

சல்மாவும் கைகூப்பினாள். முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். வசவுக்குத் தயாராக நிமிர்ந்தேன். “தரையில ஏன் உட்கார்ந்திருக்கீங்க தம்பி, மேல வாங்க” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. வீட்டுக்குப் போய் ஷமீமாவிடம் சொன்னபோது, இதைவிடப் பெரிய அடி எனக்கு வேறு கிடைக்காது என்றாள்.

கிளம்பும்போது ஜெசிந்தா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அப்பா, அந்த அப்பாயின்ட்மென்ட்… இப்ப கேன்சல் பண்ணிடவா?”

“எதுக்கு? கேஸை மறந்தது நிஜம்தானே. பையன் பேரு மாறினதும் நிஜம்தான். போவோம்” என்றார் இருதயராஜ் அண்ணன். உறையை ஜெபப்புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டு, தேடி எடுத்த செருப்பைக் கால்களில் மாட்டிக்கொண்டார். “தெரியாததைத் தெரியலன்னு டாக்டர்கிட்ட சொல்லுவேன். எனக்குத் தெரிஞ்சதை மட்டும் இனிமே யார் இல்லைன்னு சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

எங்களைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவிடப் போவதாகச் சொன்னார். ஜெசிந்தா கூட வர எழுந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, லிஃப்டுக்கு முன்னால் நடந்தார். திரும்பிப் போகும் வழியை யாரிடமும் கேட்கவில்லை.